டப்பாவுக்கு முன் ஒரு தாள்

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை டப்பா கேட்டால் எடுத்துக் கொடுப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். வாரத்துக்கு ஏழு பட்டை, பட்டைக்கு நாலு அறை, ஆக 28 மூடிகள். வாங்கி வந்த அன்றே உட்கார்ந்து நிரப்பிவிடத்தான் கை துடிக்கும். நிரப்பி முடித்ததும் வீட்டில் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது போலிருக்கும். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்தவள் என்பதால் அந்த ஒழுங்கின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. டப்பா எதையும் சரிபார்ப்பதில்லை. தவறான சீட்டைக் கொடுத்தால் தவறான சீட்டையே வாரம் தவறாமல் நிறைவேற்றும்.

என் அம்மாவுக்கு 79 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, சில வருடங்களுக்கு முன் இதயத்தில் வைத்த ஸ்டென்ட், போதாக்குறைக்கு எலும்புத் தேய்மானம். இத்தனைக்கும் ஒரே மருத்துவர் இல்லை. சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், சளி காய்ச்சலுக்கும் தைராய்டுக்கும் தெருமுனை டாக்டர். நால்வரும் நல்லவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எல்லாச் சீட்டுகளும் சந்திக்கும் ஒரே இடம் அம்மாவின் கைப்பை.

ஆகவே டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு முதலில் வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தேன். கைப்பை, தலைமாடு, ஃபிரிட்ஜ் தலை, பூஜை அலமாரி, பழைய பிஸ்கட் டின். இதில் எதையும் விடக் கூடாது. நிறுத்தச் சொன்ன மாத்திரைகள் குப்பைக்குப் போவதில்லை, 'காசு கொடுத்து வாங்கினது' என்று எங்காவது காத்திருக்கும். எல்லா அட்டைகளையும் பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டேன்.

தாளில் கம்பெனிப் பெயரை எழுதவில்லை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். இடப்பக்கம் அதை எழுதி, வலப்பக்கம் எந்த டாக்டர், எந்த வேளை என்று குறித்தேன். நம் ஊரில் இதைச் செய்யாமல் முடியாது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து விற்பது இங்கே சர்வசாதாரணம். மேலே இருக்கும் வியாபாரப் பெயரை மட்டும் பார்த்தால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவே தெரியாது.

தாள் இப்படி வந்தது. சர்க்கரை டாக்டர்: காலைச் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்த ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மெட்ஃபார்மின் 500. இதய டாக்டர்: காலையில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்தது, இரவில் ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 20 சேர்ந்த கேப்ஸ்யூல். தெருமுனை டாக்டர்: விடிந்ததும் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம், காலையில் கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதாவது டார்செமைடு 10, இரவில் அம்லோடிபின் 5, கூடவே அட்டோர்வாஸ்டாட்டின் 10. எலும்பு டாக்டர்: மதியம் கால்சியம், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி. வாராந்திர மாத்திரையை விட்டுவிட்டால் நாளொன்றுக்கு 9, வாரத்துக்கு 63.

கம்பெனிப் பெயர்களில் பார்த்தால் ஒன்பதும் வேறு வேறு மாத்திரைகள். மருந்தின் பெயரில் எழுதிய உடனே அம்லோடிபின் இரண்டு இடத்தில் நின்றது. அட்டோர்வாஸ்டாட்டினும் இரண்டு இடத்தில். ஸ்டென்ட் வைத்த பிறகு இதய டாக்டர் சேர்க்கை மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். அதற்கு முன்பே தெருமுனை டாக்டர் தனித்தனியாக எழுதியவை இரண்டும் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவை இருப்பது இதய டாக்டருக்குத் தெரியாது. அம்மாவுக்கோ ஒன்று 'ரோஸ் மாத்திரை', மற்றது 'சின்ன வெள்ளை'. இரண்டும் ஒன்று என்று அவள் நினைக்க ஒரு காரணமும் இல்லை.

இதற்குமேல் ஒரு முடிச்சு இருந்தது. அம்லோடிபின் பலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும். அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். 5 மில்லிகிராமில் ஒன்றுமில்லாமல் இருந்தவருக்கு 10-இல் மாலையானால் செருப்பு நுழையாமல் போகலாம். இந்த வீக்கத்துக்குக் காரணம் உடம்பில் உப்பும் நீரும் கூடுவதல்ல. சிறு தமனிகள் விரிந்து, நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, அங்கிருந்து நீர் திசுவுக்குள் கசிவது. ஆகவே நீர் மாத்திரை அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அம்மாவின் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினால் கதை தானாக வரிசைப்பட்டது. முதலில் தனி அம்லோடிபின், பிறகு சேர்க்கை மாத்திரை, அதன் பிறகு 'கால் வீங்குகிறது', அதன் பிறகு நீர் மாத்திரை. இரட்டிப்பான ஒரு மருந்தின் விளைவைப் புது வியாதி என்று எண்ணி அதற்கு மூன்றாவதாக ஒரு மருந்து. நீர் மாத்திரையால் அம்மா பகலில் பலமுறை பாத்ரூம் போய்வந்தாள். முழங்கால் வலியோடு ஈரத் தரையில் அத்தனை நடை.

தாள் எழுதாமல் டப்பாவை நிரப்பியிருந்தால் இந்த ஒன்பதையும் பிழையில்லாமல் அடுக்கியிருப்பேன்.

தாளில் கண்டதை வைத்து நானே எதையும் நிறுத்தவில்லை. மருந்தாளுநராக இருந்தாலும் அது என் வேலை இல்லை. இதயத்துக்குத் தரும் சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் அழுத்தமும் படபடப்பும் எகிறும். எதை விடலாம், எதை மெல்லக் குறைக்க வேண்டும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன் இன்னொரு கணக்கும் தேவைப்பட்டது: அம்மா உண்மையில் எத்தனை விழுங்குகிறாள் என்பது. கேட்டால் 'எல்லாம் ஒழுங்காத்தான் போடறேன்' என்பாள். எல்லா அம்மாக்களும் சொல்வது. பில்லில் உள்ள தேதியையும் அட்டையில் மிச்சமிருப்பதையும் பார்த்தால் போதும்.

காலைச் சர்க்கரை மாத்திரை பதினைந்து கொண்ட அட்டையாக இரண்டு வாங்கியிருந்தது. 30 மாத்திரை, 30 நாள் முடிந்திருந்தது, 9 மிச்சம். இரவு மாத்திரைகளிலோ ஒன்றுகூடப் பிசகவில்லை, அவை தலைமாட்டில் இருந்தன. கால்சியம் அநேகமாகத் தொடப்படவே இல்லை.

"ஏம்மா, காலை மாத்திரை ஒம்பது மிச்சமிருக்கே?"

"விரதத்தன்னிக்கு எப்படிடி போடறது? வெறும் வயித்துல அதைப் போட்டா கை கால் வெடவெடன்னு வருது."

வெள்ளிக்கிழமை நாலு, சஷ்டி இரண்டு, ஏகாதசி இரண்டு, கிருத்திகை ஒன்று. எங்கள் வீட்டில் முருகனுக்கும் பெருமாளுக்கும் பாரபட்சம் கிடையாது. கணக்கு ஒன்பதுக்கு வந்தது. அவள் சொன்ன வெடவெடப்பு சர்க்கரை தாழ்வதன் அடையாளம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, ஒரு மாத்திரையின் வேலை நாள் முழுக்க நீளும். விரத நாளில் அதை அம்மா விட்டது மறதியும் அல்ல, பிடிவாதமும் அல்ல. யாரும் சொல்லித்தராமல் தன் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொண்ட எச்சரிக்கை. அட்டை அவள் கையில் இருந்தவரை அந்த எச்சரிக்கை வேலை செய்தது. வெள்ளிக்கிழமை அறைக்குள் நான் மாத்திரையைப் போட்டு மூடிவிட்டு 'அறை காலியாக இருக்க வேண்டும்' என்று சொல்லியிருந்தால் அது போயிருக்கும்.

ஆபத்து அதோடு முடியவில்லை. போன முறை ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி கூடியிருந்தது. அதைப் பார்த்து டாக்டர் கிளிமிபிரைடை 1-இலிருந்து 2 ஆக்கியிருந்தார். முப்பதும் உள்ளே போயும் சர்க்கரை அடங்கவில்லை என்று அவர் நினைத்தார். உள்ளே போனது 21. விட்டு விட்டு விழுங்கியதை வைத்துக் கூட்டிய அளவை, டப்பா வந்த முதல் வாரத்திலிருந்து முழுதாகக் கொடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? சர்க்கரை தரைக்கு வரும். ரத்த அழுத்த மாத்திரையிலும் இதே கதைதான். ஒழுங்கில்லாமல் போட்டவர் திடீரென்று ஒழுங்காகிவிட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம். மாத்திரை டப்பா வந்த முதல் சில வாரங்களில்தான் வீட்டில் சர்க்கரை மெஷினும் பிரஷர் மெஷினும் அதிகம் வேலை செய்ய வேண்டும் என்பேன். பிரஷரை உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை, மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். திடீர் வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம், சம்பந்தமில்லாத கோபம் இவற்றில் ஏதாவது வந்தால் வாதாடாமல் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு மெஷினைத் தேடலாம்.

மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் 1991-இல் வயதானவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியலை இன்றுவரை புதுப்பித்து வருகிறார்கள். அதன் 2023 பதிப்பில் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளை முதியவர்களுக்கு முதல் தேர்வாக எழுத வேண்டாம் என்றிருக்கிறது, காரணங்களில் ஒன்று இந்தத் தாழ்சர்க்கரை. சர்க்கரை டாக்டரிடம் பட்டியலைப் பற்றி நான் பேசவில்லை. தாளையும், மிச்சம் 9 என்ற எண்ணையும், விரதக் கணக்கையும் மட்டும் காட்டினேன். அவர் சிரித்தார், பிறகு அளவை மறுபடி 1-க்கு இறக்கினார். விரதத்தன்று காலையில் வேண்டாம், மதியம் பூஜை முடிந்து இலை போட்டதும் முதல் சாப்பாட்டோடு போடட்டும் என்று எழுதிக் கொடுத்தார். இதய டாக்டர் தாளைப் பார்த்துத் தனி அம்லோடிபினையும் தனி அட்டோர்வாஸ்டாட்டினையும் அடித்தார். நீர் மாத்திரையை உடனே எடுக்கவில்லை. இரண்டு வாரம் பிரஷரையும் எடையையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். வீக்கம் வடிந்திருந்தது, பிரஷர் ஏறவில்லை, அப்போதுதான் அதையும் நிறுத்தினார். தெருமுனை டாக்டருக்குப் புதுத் தாளின் நகல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது ஆறானது. இப்போது டப்பா.

மூடியில் அச்சடித்த வேளைகள் எங்களுக்குப் பொருந்தவில்லை. அம்மாவுக்கு மாலை மாத்திரையே கிடையாது, ஆனால் காலையில் இரண்டு வேளை உண்டு. தைராக்ஸின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போய், காபிக்கும் பலகாரத்துக்கும் முன் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். கால்சியம் அதோடு குடலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரே 'காலை' அறையில் எல்லாவற்றையும் போட்டால் அம்மா எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வாள். தவறு அவளுடையது ஆகாது. அச்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, 'எழுந்ததும்', 'டிபன்', 'மதியம்', 'ராத்திரி' என்று மார்க்கரால் தமிழில் எழுதினேன். தைராக்ஸின் தனி அறையில் ஒற்றையாக. டிபனுக்கு இரண்டு, மதியம் கால்சியம் ஒன்று, ராத்திரி இரண்டு. விரத நாளில் மட்டும் காலைச் சர்க்கரை மாத்திரை இடம் மாறும்: டிபனுக்கு ஒன்று, மதியம் இரண்டு.

இந்த எண்களைத் தாளின் அடியில் எழுதி வைத்தது நிரப்பும்போதுதான் பயன்பட்டது. நாள் நாளாக நிரப்பினால் ஆறு அட்டைகளும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும், கவனம் சிதறும். மருந்து மருந்தாக நிரப்ப வேண்டும். ஓர் அட்டையை எடுத்து, ஏழு நாளுக்கும் அதை மட்டும் போட்டு, அட்டையை டின்னுக்குள் வைத்து மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். முடிந்ததும் அறை அறையாக எண்ணி, தாளில் உள்ள 1-2-1-2 உடன் ஒப்பிட வேண்டும். மொத்தம் 42. மாத்திரை பிதுக்குவதிலும் ஒரு விஷயம் உண்டு. காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு முனையில்தான் இருக்கும். எதிர் முனையிலிருந்து தொடங்கினால் கடைசி மாத்திரை வரை அவை மிஞ்சும்.

அட்டையோடு கத்தரித்துப் போட்டால் மாத்திரைக்குக் காற்றுப் படாது, பெயரும் கொஞ்சம் தெரியும் என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அது பயம். கண் மங்கிய முதியவர்கள் அந்தச் சதுரத்தை அப்படியே விழுங்கிவிடுவது உண்டு. வெட்டிய முனை உணவுக்குழாயைக் கிழிக்கும், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியவும் செய்யாது. ஜப்பானில் இப்படி நடந்து நடந்து, 1990களிலேயே மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழிக்க முடியாதபடி துளைக்கோட்டை ஒரு திசையில் மட்டும் போடத் தொடங்கினார்கள். ஆகவே பிதுக்கித்தான் போடுகிறேன். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்புவதில்லை, மழைக்காலத்தில் டப்பா சமையலறைப் பக்கம் போவதில்லை.

சில மாத்திரைகள் டப்பாவுக்குள் வரவே கூடாது. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் கீழ் வைப்பது அதன் மூலப் பொதியிலேயே, கைப்பையில் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சிலருக்குத் தரும் டாபிகட்ரான் கேப்ஸ்யூல் ஈரம் பட்டால் கெடும், பொதியை விட்டு எடுக்கக் கூடாது. வலிக்கு வேண்டும்போது போடும் பாரசிட்டமாலுக்கும் இங்கே அறை இல்லை. வாராந்திர மாத்திரையையும் வெளியேதான் வைத்திருக்கிறேன். அம்மாவுடையது வைட்டமின் டி, ஒருமுறை கூடிப் போனால் பெரிய கேடில்லை. ஆனால் மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருமுறை தரும் மெத்தோட்ரெக்சேட்டைத் தினசரி அறைகளில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்தகச் சாளரத்தில் எந்த நாள் என்று கிழமையைச் சொல்ல வைத்து, அதை அட்டையின் மேல் எழுதிய பிறகே அந்த மாத்திரையைக் கையில் கொடுப்போம். வாரம் ஒருமுறை என்பதற்கு ஒரு பொது வழி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அது தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் குத்திய அட்டை.

பேரக் குழந்தைகள் வரும் நாளில் டப்பா பரணுக்குப் போகும். முதியவர் விரல் திறக்கும் மூடியைக் குழந்தை விரலும் திறக்கும். கிளிமிபிரைடு ஒன்றே ஒன்று போதும், தவழும் குழந்தையின் சர்க்கரையைக் கவிழ்க்க.

அறை காலியாக இருப்பதால் மாத்திரை வயிற்றுக்குள் போனது என்று அர்த்தமில்லை. சோபா இடுக்கில் கேப்ஸ்யூல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். காலியாகாத அறைதான் நம்பகமாகப் பேசும். புதன் மதிய அறை நிறைந்திருந்தால், வியாழன் அதைச் சேர்த்துப் போடக் கூடாது. ஏன் தங்கியது என்று கேட்க வேண்டும். அம்மாவின் மதியக் கால்சியம் தங்கிக்கொண்டே இருந்தது. கேட்டால், பெரிசாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது என்றாள். எலும்பு டாக்டர் மென்று தின்னும் வகைக்கு மாற்றினார். அதன் பிறகு தங்குவதில்லை.

நிரப்புவதை அம்மாவே எடுத்துக்கொண்டுவிட்டாள். "என் மாத்திரை, நான் போடறேன், நீ எண்ணு" என்றாள். ஞாயிறு டிபன் முடிந்ததும் காலண்டரை எடுத்து அந்த வாரத்தில் சஷ்டி, ஏகாதசி எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த நாளின் சர்க்கரை மாத்திரையை மதிய அறைக்கு மாற்றுவாள். ஒரு ஞாயிறு புது அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இது பழைய கலர்டி" என்றாள். திருப்பிப் பார்த்தேன், கிளிமிபிரைடு 2. கடையில் செல்போனில் வைத்திருந்த பழைய சீட்டின் படத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். பையன் மன்னிப்புக் கேட்டு மாற்றித் தந்தான். பழைய படத்தை என் கண்ணெதிரே அழிக்கச் சொல்லி, புதுத் தாளைப் படம் எடுத்துக்கொள்ள வைத்தேன். அடுத்த மாதம் அம்மாவே போய், தாளை நீட்டி, அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தாளாம்.